தமிழ்த் தலைப்பு ஏன் பாதியில் வெட்டப்படுகிறது?

கூகுளில் தமிழில் எதையாவது தேடினால், வரும் தலைப்புகளில் பல மூன்று புள்ளிகளோடு பாதியில் நிற்பதைப் பார்க்கலாம். எழுதியவர் விதியை மீறியிருக்க மாட்டார். 'தலைப்பு 60 எழுத்துக்குள், அதன் கீழே வரும் விவரிப்பு 160 எழுத்துக்குள்' என்று எல்லா இடத்திலும் சொல்லப்படுவதை அப்படியே பின்பற்றியிருப்பார். அந்த எண்கள் ஆங்கிலத்தை வைத்து வந்தவை. தமிழுக்கு அவை பொருந்தாததற்குக் காரணம், தேடுபொறி எழுத்துகளை எண்ணுவதில்லை. திரையில் அவை பிடிக்கும் அகலத்தைத்தான் பார்க்கிறது.

கணினித் திரையில் கூகுள் தன் முடிவுகளின் தலைப்பை ஏரியல் எழுத்துருவில் 20 பிக்சல் அளவில் காட்டிவருகிறது. ஒரு தலைப்புக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 600 பிக்சல். ஏரியலில் i என்ற எழுத்து நாலரை பிக்சல்தான் பிடிக்கும். W கிட்டத்தட்ட 19 பிக்சல் பிடிக்கும். அப்படியானால் ஆங்கிலத்திலேயே 60 என்பது சராசரிக் கணக்குதான். கூகுளின் ஆவணங்களும் தலைப்பு நீளத்துக்கு வரம்பு கிடையாது, சாதனத்தின் அகலத்துக்கு ஏற்ப வெட்டப்படும் என்றுதான் சொல்கின்றன.

தமிழில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. 'புளிக்கவில்லையா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் எட்டு எழுத்து. கணினி எண்ணினால் 15, ஏனென்றால் யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். இந்த 15 குறிகளில் புள்ளி மேலே உட்கார்வதால் தனியாக இடம் கேட்காது. உகரக் குறி எழுத்தோடு ஒட்டிவிடும். ஆனால் 'லை'யில் உள்ள ஐகாரக் குறி முழுசாக ஓர் எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். 'கொ' என்று எழுதினால் இரண்டு பக்கமும் குறி வந்து மூன்று எழுத்தின் அகலம் ஆகிவிடும். ஆக, எந்த முறையில் எண்ணினாலும் அகலம் தெரியப்போவதில்லை. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அதற்குத் தனிக் கருவி தேவையில்லை. உலாவியில் F12 அழுத்தி கன்சோலில் இதை ஒட்டினால் போதும்:

```js
const c = document.createElement("canvas").getContext("2d");
c.font = "20px Arial, 'Nirmala UI', 'Noto Sans Tamil'";
c.measureText("இட்லி மாவு புளிக்கவில்லையா?").width
```

வரும் எண் பிக்சலில் அகலம். ஏரியலில் தமிழ் எழுத்துகள் இல்லை என்பதால் விண்டோஸ் நிர்மலா யூஐ எழுத்துருவையும், ஆண்ட்ராய்டு நோட்டோ சான்ஸ் தமிழையும், ஆப்பிள் கருவிகள் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவையும் எடுத்துக்கொள்கின்றன. மூன்றுக்கும் அகலம் வேறு. அதனால் 600 வரை இழுத்துப் பிடிக்காமல் 520, 540-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. கைபேசியில் தலைப்பு இரண்டு வரியாக மடியும். அங்கே இந்த நெருக்கடி கொஞ்சம் குறைவு.

சரி, ஒரு பக்கத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காததைப் பற்றிய சமையல் பக்கம். அதன் தலைப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'தளத்தின் பெயர் | சமையல் குறிப்புகள் | குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க வைப்பது எப்படி?' தேடுகிறவர் பார்க்க வேண்டிய 'இட்லி மாவு புளிக்க' என்பது வெட்டு விழும் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் நிற்கிற இரண்டு துண்டுகளும் அந்தத் தளத்தின் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானவை. தளத்தின் பெயரைக் கூகுள் தலைப்புக்கு மேலே தனியாகவே காட்டிவிடுகிறது. எனவே இரண்டையும் தூக்கிவிட்டு, தேடுகிறவர் மனத்தில் இருக்கும் சொல்லை முதலில் வைக்கலாம்:

```html
<title>இட்லி மாவு புளிக்கவில்லையா? குளிர்நாளுக்கு வழி</title>
<meta name="description" content="மாவு அரைத்து 12 மணி நேரம் ஆகியும் பொங்கவில்லையா? வெதுவெதுப்பான தண்ணீர், உப்பு சேர்க்கும் நேரம், பாத்திரம் வைக்கும் இடம் என மூன்றையும் மாற்றிப் பார்க்கும் முறை.">
```

எழுதிக் கொடுத்ததைக் கூகுள் அப்படியே காட்டும் என்ற உத்தரவாதம் இல்லை. 2021 ஆகஸ்டில் தலைப்புகளை உருவாக்கும் முறையை அது மாற்றியது. மறுமாதம் வெளியிட்ட விளக்கத்தில், சுமார் 87 சதவீத முடிவுகளில் பக்கத்தின் `title` பயன்படுவதாகச் சொன்னது. மீதி இடங்களில் பக்கத்துக்குள் தெரியும் பெரிய தலைப்பையோ வேறு வரியையோ எடுத்துக்கொள்கிறது. பழைய ஆண்டு எண் ஒட்டிக்கொண்டிருப்பது, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு இருப்பது, தலைப்பு ஒன்று சொல்ல உள்ளடக்கம் வேறொன்றாக இருப்பது போன்றவை இதற்கு வழிவகுக்கும். `title`-உம் அந்தப் பெரிய தலைப்பான `h1`-உம் ஒரே விஷயத்தைச் சொன்னால் மாற்றி எழுதப்படும் வாய்ப்பு குறையும். மாற்றப்பட்டிருக்கிறதா என்று தெரிய, அந்தக் கேள்வியையே கூகுளில் தேடிப் பார்த்துவிடலாம்.

விவரிப்பில் கூகுளின் தலையீடு இன்னும் அதிகம். தேடிய சொற்களுக்குப் பக்கத்தின் நடுவில் உள்ள ஒரு பத்தி நன்றாகப் பொருந்தினால் அதையே வெட்டி எடுத்துப் போட்டுவிடும். நாம் எழுதியது வர வேண்டுமென்றால், மக்கள் தட்டும் சொற்கள் அதில் இருக்க வேண்டும். 'பொங்கவில்லை', 'புளிக்கவில்லை' என்று பேச்சில் வருவதை எழுதினால் பொருந்தும். 'நொதித்தல் செயல்முறை' என்று எழுதினால் பொருந்தாது. நீளமும் நிலையானதல்ல. 2017 டிசம்பரில் கூகுள் விவரிப்புகளை ஏறக்குறைய இரு மடங்கு நீளமாகக் காட்டத் தொடங்கியது. பலர் உட்கார்ந்து எல்லாவற்றையும் நீட்டி எழுதினார்கள். 2018 மே மாதத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. ஆகவே முக்கியமானதை முதல் வரியிலேயே முடித்துவிடுங்கள். இரண்டாவது வரி வெட்டப்பட்டாலும் பொருள் கெடாது. விவரிப்பு தரவரிசையை உயர்த்தாது என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அது கிளிக்கைக் கேட்பதற்கான இடம் மட்டுமே.

மாற்றிய பிறகு பலன் தெரிய, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கிளிக் விகிதத்தைப் பார்ப்பார்கள். அதாவது, முடிவுகளில் நூறு முறை காட்டப்பட்டதில் எத்தனை முறை கிளிக் விழுந்தது என்ற கணக்கு. இங்கேதான் நல்ல தலைப்பைத் தோல்வி என்று நினைத்துப் பழையபடி மாற்றிவிடுகிறார்கள். நம் இட்லிப் பக்கம் 'இட்லி மாவு புளிக்க' என்ற தேடலில் 1,000 முறை காட்டப்பட்டு 50 கிளிக் வாங்கியது என்று கொள்வோம், 5 சதவீதம். தலைப்பு மாறிய பின் அதே தேடலில் 1,000-க்கு 60 கிளிக், 6 சதவீதம். ஆனால் புதிதாக 'இட்லி மாவு' என்ற பொதுவான தேடலிலும் ஒன்பதாம் இடத்தில் தென்பட ஆரம்பித்து, 3,000 முறை காட்டப்பட்டு 15 கிளிக் மட்டும் வருகிறது. மொத்தம் 4,000-க்கு 75. விகிதம் 1.9 சதவீதமாகச் சரிந்ததுபோல் காட்டும். உண்மையில் பழைய தேடலில் முன்னேற்றம், மொத்தக் கிளிக்கும் கூடுதல்.

அதனால் பக்கத்தின் மொத்த விகிதத்தைப் பார்க்காமல், தேடல் வாரியாகப் பிரித்து, சராசரி இடம் அதிகம் நகராத தேடல்களை மட்டும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும். கூகுள் பக்கத்தைத் திரும்பப் படித்துப் புதுத் தலைப்பைக் காட்டச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகலாம். அது திரையில் வந்த நாளிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். அப்புறம், இந்தப் பக்கத்துக்கு மார்கழியில் வரும் கூட்டம் சித்திரையில் வராது. டிசம்பர் முடிவில் தலைப்பை மாற்றினால், அடுத்து வரும் ஜனவரியை நவம்பரோடு வைத்துப் பார்க்காமல் போன ஆண்டின் ஜனவரியோடு வைத்துப் பாருங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கிறது என்பதால் இந்த ஒப்பீடு அங்கேயே கிடைக்கும்.