‘கிஃப்ட்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

வெளிநாட்டுப் பார்சல் புக்கிங்கில் வேலை செய்பவன் நான். வீட்டில் செய்த பலகாரம் சுங்கத்தில் மாட்டிக்கொண்டால், பலரும் பலகாரத்தின் மேல்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு பெட்டியோடு போகும் தாளில் இருக்கிறது. அஞ்சலில் அனுப்பினால் அது சி.என். 22 அல்லது 23 படிவம், கூரியரில் அனுப்பினால் இன்வாய்ஸ். சுங்க அதிகாரி முதலில் பார்ப்பது அதில் உள்ள விவரத்தைத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு கிலோ பொரித்த நொறுக்குத்தீனி, இரண்டு புதுச் சட்டைகள், ஒரு பாட்டில் நெய். படிவத்தில் ‘கிஃப்ட், உணவு, 1 யூரோ’ என்று இருக்கிறது. இது எடுபடாது. அங்கே போகும் சரக்கின் விவரம் விமானத்தில் ஏற்றும் முன்பே மின்வழியில் போய்ச் சேர வேண்டும். இப்படிப் பொத்தாம்பொதுவாக எழுதினால் அந்தக் கட்டத்திலேயே நிறுத்தி வைக்கலாம்.

இப்படி எழுதலாம்: ‘அரிசி மாவில் செய்து எண்ணெயில் பொரித்த நொறுக்குத்தீனி, பால், இறைச்சி சேராதது, 1 கிலோ, 8 யூரோ. ஆண்களுக்கான பருத்திச் சட்டை, புதியது, 2, 24 யூரோ.’ படிவத்தில் இதை ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். மொத்தம் 32 யூரோ. பணம் வாங்காமல் ஒரு தனிநபர் இன்னொருவருக்கு எப்போதாவது அனுப்பும் பரிசுக்கு அங்கே 45 யூரோ வரை வரி இல்லை, அதனால் மதிப்பைக் குறைத்துக் காட்டவே தேவையில்லை. வீட்டில் செய்ததற்கு என்ன விலை போடுவது என்று கேட்பார்கள். அதே மாதிரிப் பண்டம் கடையில் என்ன விலையோ, அதைப் போடுங்கள். ஒரு யூரோ என்று போட்டுவிட்டுப் பெட்டி தொலைந்தால், இழப்பீடும் அதற்கு மேல் கிடைப்பது கஷ்டம்.

சரி, நெய்? எடுத்துவிட வேண்டியதுதான். கால்நடை நோய்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக, மற்ற பெரும்பாலான நாடுகளிலிருந்து வரும் தனிநபர் பார்சலில் இறைச்சிக்கும் பாலுக்கும் அவற்றில் செய்த பொருட்களுக்கும் அங்கே பொதுவாக அனுமதி இல்லை. கொஞ்சம்தானே என்ற சலுகை நெய்க்குக் கிடையாது. துணிக்கு நடுவில் ஒளித்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஸ்கேனில் பாட்டில் பளிச்சென்று தெரியும், பெட்டியைப் பிரிப்பார்கள், மற்ற பொருட்களும் அதோடு சேர்ந்து தாமதமாகும். வேறு நாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், அந்த நாட்டுச் சுங்கத்துறை இணையதளத்தில் தடைப் பட்டியலைப் பார்த்த பிறகு சமைக்க உட்காருங்கள்.

பேக்கிங்கில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். பொரித்ததை முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நீராகப் படிந்து பலகாரம் நமுத்துவிடும், பூஞ்சையும் பிடிக்கலாம். ஆறியதும் எண்ணெய் உறிஞ்சும் தாளில் ஒற்றியெடுத்து, காற்றுப் புகாத இரண்டு கவர்களில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுங்கள். அட்டைப்பெட்டியில் எண்ணெய்க் கறை தெரிந்தால், உள்ளே ஏதோ ஒழுகுகிறது என்று வழியிலேயே ஓரம் கட்டிவிடுவார்கள். அப்புறம், படிவத்தில் எழுதிய அதே பட்டியலின் நகல் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள், பெறுபவரின் செல்பேசி எண்ணோடு.