ஸ்பின் அவுட்: தடம்புரளல்

மவுஸைக் கை ஒரு பக்கம் இழுக்க, திரையில் கர்சரோ ஆட்டக்காரரின் பார்வையோ வேறு பக்கம் பாய்ந்துவிடுவதைக் கணினி விளையாட்டாளர்கள் ‘ஸ்பின் அவுட்’ என்கிறார்கள். சுடும் விளையாட்டில் எதிரி பக்கம் சட்டென்று திரும்பும்போது, பார்வை வானத்திலோ தரையிலோ போய் நின்றுவிடும்.

சொல் கார் ஓட்டத்திலிருந்து வந்தது. வளைவில் டயர் சாலையின் மீதுள்ள பிடியை இழக்க, வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பாதையைவிட்டு விலகுவதே அதன் முதற்பொருள். மவுஸிலும் பிடிதான் நழுவுகிறது. ஆனால் இங்கே பிடித்திருப்பது டயர் அல்ல, ஒளி.

மவுஸின் அடியிலுள்ள உணரி உண்மையில் ஒரு சிறு கேமரா. மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, முந்தைய படத்தில் இருந்த மேடுபள்ளங்கள் அடுத்த படத்தில் எவ்வளவு நகர்ந்துள்ளன என்று ஒப்பிட்டே அது திசையையும் தொலைவையும் கணக்கிடுகிறது. தெளிந்த கண்ணாடியில் ஒளி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடுகிறது. பளபளப்பான மைக்கா மேசையில் அது ஒரே திசையில் தெறித்துவிடுகிறது. இரண்டிலும் ஒப்பிடுவதற்கான அடையாளங்கள் படத்தில் போதுமான அளவு பதிவதில்லை, அதனால் பொருந்தாத இடத்தைப் பொருந்தியதாக எடுத்துக்கொண்டு உணரி தவறான திசையைச் சொல்லிவிடுகிறது. பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360 உணரி நொடிக்கு 250 அங்குல வேகம்வரை தொடரக்கூடியது என்கிறார்கள். அந்த எண் அதற்கு ஏற்ற பரப்பில்தான் செல்லும்.

இதைச் ‘சுழற்சி’ என்று மொழிபெயர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனெனில் கர்சர் எப்போதும் சுழல்வதில்லை. உணரியின் வேலையான ‘டிராக்கிங்’ தடம்பற்றுதல் என்றால், அது கைவிட்டுப்போவதைத் தடம்புரளல் எனலாம். ரயிலுக்கு நாம் நெடுநாளாகச் சொல்லிவரும் சொல்லே இதற்கும் பொருந்துகிறது. தடம் ஒரு கணம் விட்டு உடனே கிடைக்கும்போது கர்சர் துள்ளுகிறதே, அதைத் ‘தாவல்’ என்று பிரித்துச் சொல்வது நல்லது.

கோளாறு உணரியிலா, பரப்பிலா என்று அறியக் கண்ணாடி மேசைமீது ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, அதன்மேல் மவுஸை முதலில் மெதுவாகவும் பின்பு வேகமாகவும் இழுத்துப் பாருங்கள். தாளில் ஒழுங்காக ஓடிக் கண்ணாடியில் மட்டும் புரண்டால், குற்றம் பரப்பினுடையது. துணி விரிப்பு ஒன்றே அதைத் தீர்த்துவிடும். தாளிலும் புரண்டால், முதலில் உணரியின் துளையில் முடியோ தூசியோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கண்ணாடியிலேயே ஓடுவதற்காக லாஜிடெக் 2009-இல் கொண்டுவந்த டார்க்ஃபீல்டு உணரிக்குக்கூட, கண்ணாடி குறைந்தது 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். விளையாட்டுக்கென விற்கும் கண்ணாடி விரிப்புகளோ வேறு வகை: அவற்றின் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்புடன் அரிக்கப்பட்டிருப்பதால், உணரிக்குப் பற்றிக்கொள்ளத் தடம் கிடைக்கிறது.