சராசரிச் சம்பளம் 12 லட்சம்: யாருடைய சராசரி?

பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்து பொறியியல் கலந்தாய்வு முடிகிற வரை, நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் ஒரே அச்சில் வார்த்த தலைப்புகளாக வரும். ‘வளாக நேர்காணலில் சாதனை, சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு இத்தனை லட்சம்’ என்று கல்லூரிக்குக் கல்லூரி ஓர் எண். புள்ளியியல் என் தொழில் என்பதால், அந்த வாரங்களில் தெரிந்தவர்கள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்வார்கள். “சார், இந்த எண் உண்மையா?” என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. உண்மையாகவே இருக்கலாம். எண்ணை இட்டுக்கட்ட வேண்டிய தேவையே இல்லாத அளவுக்குச் ‘சராசரி’ என்ற சொல்லில் இடம் தாராளமாக இருக்கிறது.

எவ்வளவு தாராளம் என்பதை ஒரு கற்பனைத் துறையை வைத்துப் போட்டுப் பார்த்துவிடலாம். இறுதியாண்டில் 60 பேர். அவர்களில் 40 பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆறு நிறுவனங்கள் வந்தன. முதல் நிறுவனம் 17 பேரை ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்கு எடுத்தது. அடுத்தது 4 பேரை 4 லட்சத்துக்கும், மூன்றாவது 9 பேரை 4.5 லட்சத்துக்கும், நான்காவது 7 பேரை 6 லட்சத்துக்கும் எடுத்தன. ஐந்தாவது நிறுவனம் 2 பேருக்குத் தலா 12 லட்சம் தந்தது. ஆறாவது ஒரே ஒருவருக்கு 42 லட்சம் தந்தது. இந்த ஒருவரின் படம்தான் விளம்பரப் பலகையில் பெரிதாக இருக்கும்.

பள்ளியில் படித்தபடி, எல்லாவற்றையும் கூட்டினால் 224 லட்சம். 40 பேரால் வகுத்தால் 5.6 லட்சம். இது கூட்டுச் சராசரி. சம்பளத்தை ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்பவரைப் பார்த்தால், 20ஆம் ஆளும் 21ஆம் ஆளும் 4 லட்சம் வாங்குகிறார்கள். ஆக, இடைநிலை அளவு 4 லட்சம். அதிகம் பேர் வாங்குவது எது என்று பார்த்தால் 3.5 லட்சம். இது முகடு. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு நாம் மறந்துவிட்ட இந்த மூன்றையுமே பேச்சு வழக்கில் சராசரி என்றுதான் சொல்கிறோம். 5.6 லட்சம் என்ற ‘சராசரியை’ எட்டியவர்கள் 40 பேரில் 10 பேர் மட்டுமே என்பதையும் கவனியுங்கள். மீதி 30 பேரும் அதற்குக் கீழே இருக்கிறார்கள். வாய்பாட்டில் பிழை எதுவும் இல்லை. மேலே ஓர் எண் மட்டும் தனியாக எகிறிக் கிடந்தால், கூட்டுச் சராசரி அதை நோக்கி இழுபட்டுத்தான் ஆகும்.

பாடப்புத்தகத்தில் இல்லாத சராசரிகள் இனிமேல்தான் வருகின்றன. 42 லட்சம் வாங்கிய மாணவரின் கையில் 20 லட்சத்துக்கு இன்னொரு பணி ஆணையும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சம் வாங்கிய இருவருக்கும் தலா 10 லட்சத்துக்கு வேறொரு ஆணை வந்திருந்தது. இப்போது ஆட்களை விட்டுவிட்டு ஆணைகளை எண்ணினால் 43 ஆணைகள், மொத்தம் 264 லட்சம், சராசரி 6.14 லட்சம். ஒருவருக்கும் ஒரு ரூபாய் கூடவில்லை, சராசரி மட்டும் கூடிவிட்டது. அடுத்த வழி இன்னும் சாமர்த்தியமானது. ஆட்களையும் எண்ணாமல், ஆணைகளையும் எண்ணாமல், முதலில் சொன்ன ஆறு நிறுவனங்களுக்கும் ஆளுக்கொரு வரி போட்டு 3.5, 4, 4.5, 6, 12, 42 என்று எழுதிக் கூட்டினால் 72. ஆறால் வகுத்தால் 12 லட்சம்! 17 பேரை எடுத்த நிறுவனமும் ஒருவரை எடுத்த நிறுவனமும் இந்தக் கணக்கில் சமம். ‘வந்த நிறுவனங்கள் வழங்கிய சராசரி ஊதியம் 12 லட்சம்’ என்று எழுதினால் அது பொய்யில்லை. செய்தி மேசையில் தலைப்பின் நீளத்தைக் குறைக்கும்போது ‘வந்த நிறுவனங்கள் வழங்கிய’ என்ற மூன்று சொற்கள்தான் முதலில் வெட்டுப்படும்.

அதே 40 மாணவர்கள்தான். 3.5, 4, 5.6, 6.14, 12 என்று ஐந்து சராசரிகள் கிடைத்துவிட்டன. வேலை கிடைக்காத 20 பேரை இதுவரை யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர்களில் சிலர் மேற்படிப்புக்குப் போயிருக்கலாம், சிலர் வளாக நேர்காணலுக்குப் பெயரே கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்களைப் பூஜ்யமாக வைத்துக் கூட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் 60 பேரில் 40 பேருக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும் என்பதையாவது சராசரிக்குப் பக்கத்தில் எழுத வேண்டும்.

ஆகவே கல்லூரிக்குப் போன் செய்தால் “சராசரி எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். பேப்பரில் வந்த எண்ணையே திரும்பச் சொல்வார்கள். “எதை எதால் வகுத்தீர்கள்?” என்று கேளுங்கள். மாணவர்களின் எண்ணிக்கையாலா, பணி ஆணைகளின் எண்ணிக்கையாலா, நிறுவனங்களின் எண்ணிக்கையாலா? அதற்குப் பதில் வந்துவிட்டால், “வேலை பெற்றவர்களில் சரிபாதிப் பேர் எவ்வளவுக்கு மேல் வாங்குகிறார்கள்?” என்று கேளுங்கள். இடைநிலை அளவு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே அதைக் கேட்டு வாங்கும் வழி இது. எதிர்முனையில் இருப்பவருக்கும் குழப்பம் வராது. கடைசியாக, அது கையில் வரும் சம்பளமா, சி.டி.சி. எனப்படும் மொத்தச் செலவுக் கணக்கா என்று கேளுங்கள். நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, சேரும்போது ஒருமுறை மட்டும் தரும் ஊக்கத்தொகை, நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும் பங்குகள் எல்லாம் இரண்டாவதில் அடங்கியிருக்கலாம். 42 லட்சங்களை இந்தக் கண்ணோடு பிரித்துப் பார்த்தால் மாதச் சம்பளம் பலமுறை வேறு விதமாக இருக்கும்.

பதில் சொல்ல ஆளில்லை என்றாலும் செய்தியில் மூன்று எண்கள் இருந்தால் போதும், நாமே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். சராசரி 5.6 லட்சம், வேலை பெற்றவர்கள் 40, அதிகபட்சம் 42 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 224. அதிலிருந்து 42ஐக் கழித்து மீதியை 39ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.67 லட்சம் வரும். ஒரே ஒருவரை எடுத்ததற்குச் சராசரி கிட்டத்தட்ட ஒரு லட்சம் சரிகிறது என்றால், அது அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லும் எண் அல்ல. துறை பெரியதாக இருந்து 400 பேர் வேலை பெற்றிருந்தால் ஒருவரால் இவ்வளவு ஆட்டம் காட்ட முடியாது.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் அதற்காகச் சமர்ப்பித்த தகவல்களைப் பொதுவில் பார்க்கலாம். உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குத் தேர்வானவர்கள் எத்தனை பேர் என்று மூன்று ஆண்டுகளுக்கு வரிசையாக இருக்கும். சம்பளத்துக்கு அங்கே கேட்பது இடைநிலை அளவைத்தான், கூட்டுச் சராசரியை அல்ல. விளம்பரத்தில் உள்ள எண்ணையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கும் எல்லை உண்டு. கல்லூரியே நிரப்பித் தந்த தகவல் அது. கணினித் துறைக்கும் கட்டுமானத் துறைக்கும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டாது.

இவ்வளவும் சொன்னதால் இடைநிலை அளவுதான் நல்லது, கூட்டுச் சராசரி கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் கற்பனைத் துறையில் அந்த 17 பேரின் சம்பளத்தை 3.5 லட்சத்திலிருந்து 2.5 லட்சமாகக் குறைத்துப் பாருங்கள். இடைநிலை அளவு 4 லட்சத்திலேயே அசையாமல் நிற்கும். கூட்டுச் சராசரியோ 5.6இலிருந்து சுமார் 5.2 லட்சமாக இறங்கி, ஏதோ நடந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டையும் கேட்டு வாங்குவதுதான் என் பழக்கம். இரண்டுக்கும் இடையிலான தூரமே ஒரு தகவல்.

சில தலைப்புகளில் இடைநிலை அளவைக் கேட்டாலும் கிடைக்காது. 2023 மார்ச்சில், இந்தியரின் தனிநபர் வருமானம் இரட்டிப்பானது என்று எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. 2014-15இல் ரூ.86,647 ஆக இருந்தது 2022-23இல் ரூ.1,72,000 ஆகியிருந்தது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அப்படியானால் ஆண்டுக்கு 6.88 லட்சம் வர வேண்டுமே, எங்கள் வீட்டில் வரவில்லையே என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்த எண், வீடு வீடாகப் போய் வருமானத்தைக் கேட்டு எடுத்த சராசரி அல்ல. நாட்டின் நிகர வருமானம் முழுவதையும் மக்கள்தொகையால் வகுத்த ஈவு. நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தராமல் வைத்துக்கொண்ட லாபமும் அரசுக்குப் போகும் வரியும் அந்த மொத்தத்துக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு மனிதரின் வருமானமும் தனித்தனியாக அதில் இல்லை என்பதால், வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைக் காட்டு என்றால் அந்தக் கணக்கால் காட்ட முடியாது. அதற்கு வேறு கணக்கெடுப்பு வேண்டும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது நடப்பு விலையிலா, நிலையான விலையிலா? விலைவாசி ஏற்றத்தைக் கழித்த நிலையான விலைக் கணக்கில் அதே காலத்தில் ரூ.72,805 என்பது ரூ.98,118 ஆகத்தான் உயர்ந்திருந்தது. அதாவது 35 சதவீதம். ‘இரட்டிப்பு’ என்ற சொல்லை நடப்பு விலையால்தான் எழுத முடிந்தது.

மழைச் செய்தியில் வரும் சராசரி இந்த வகைகள் எதிலும் சேராது. ‘சராசரியைவிடக் குறைவான மழை’ என்றால், ஒப்பிடப்படுவது அந்த இடத்தின் பல ஆண்டுச் சராசரி. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக்கு, நாடு முழுமைக்கும் இந்திய வானிலை ஆய்வு மையம் இப்போது வைத்திருக்கும் அளவு 87 செ.மீ. 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுகளைக் கொண்டு கணக்கிட்டது அது. அதற்கு முன்பு 1961 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை வைத்துக் கணக்கிட்டபோது 88 செ.மீ. எனவே பழைய செய்தியையும் புதிய செய்தியையும் ஒப்பிடுமுன், எந்த 50 ஆண்டுகள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்ட அளவில் ‘இயல்பான மழை’ என்று போட்டிருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சராசரியிலிருந்து 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் மையத்தின் அட்டவணையில் அது இயல்புதான். 18 சதவீதம் பொய்த்த மாவட்டமும் அதற்குள் அடங்கிவிடும். அந்தச் சதவீதம் தலைப்பில் வராது, அட்டவணையில் மாவட்டத்தின் பெயருக்கு நேரே இருக்கும்.