வட்டப்படத்தில் கால், அரை, பெரும்பான்மை: பழைய வேலூர் மாவட்டத்தை வைத்து ஒரு விளக்கம்

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. குடியாத்தமும் காட்பாடியும் வேலூரோடு இருந்தன. ஆற்காடு, அரக்கோணம், வாலாஜா பக்கம் ராணிப்பேட்டை மாவட்டம் ஆனது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய மாவட்டத்தில் 39,36,331 பேர் இருந்தார்கள். அதைப் புதிய எல்லைப்படி பிரித்தால் வேலூருக்கு 16,14,242, ராணிப்பேட்டைக்கு 12,10,277, திருப்பத்தூருக்கு 11,11,812 என்று வரும். பள்ளியில் வட்ட விளக்கப்படம் வரையச் சொன்னால் இதைவிட நல்ல கணக்கு நம் பக்கத்தில் கிடைக்காது. துண்டுகள் மூன்றுதான். ஆனால் அவற்றைச் சொற்களில் சொல்லும்போது தடுமாற இடம் நிறைய இருக்கிறது.

வரைவது எளிது. ஒவ்வொரு எண்ணையும் மொத்தத்தால் வகுத்தால் வேலூருக்கு 41%, ராணிப்பேட்டைக்கு 31%, திருப்பத்தூருக்கு 28% கிடைக்கும். முழு வட்டம் 360 பாகை என்பதால் ஒரு சதவீதத்துக்கு 3.6 பாகை. வேலூரின் துண்டு ஏறத்தாழ 148 பாகை, ராணிப்பேட்டை 111, திருப்பத்தூர் 102 பாகைக்குச் சற்றுக் குறைவு.

இனி படத்தைப் பார்ப்பவரின் கண்ணுக்கு வருவோம். நம் கண் கோணங்களை அளப்பதில் அவ்வளவு திறமையானதல்ல. ஒரே கோட்டிலிருந்து கிளம்பும் கம்பங்களின் உயரத்தைத்தான் கோணத்தைவிடச் சரியாக ஒப்பிடுகிறோம் என்று கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் சோதனை நடத்திக் காட்டினார்கள். ஆனால் வட்டத்தில் கண் தவறாமல் பிடிக்கும் இடங்கள் இரண்டு உண்டு: செங்கோணமும் நேர்கோடும். அதாவது காலும் அரையும். வட்டத்தைக் கடிகார முகப்பாக வைத்துப் பாருங்கள். வேலூரின் துண்டை 12 மணியில் தொடங்கினால் அது 5 மணிக்குச் சற்று முன்பே முடிந்துவிடும். 6 மணியைத் தொடவில்லை, எனவே பாதி இல்லை என்று பார்த்தவுடன் தெரிகிறது. கடைசித் துண்டான திருப்பத்தூர் 9 மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி 12 மணியில் முடிகிறது. எனவே காலுக்குச் சற்றே கூடுதல் என்பதும் கண்ணுக்கே தெரியும். நடுவில் மாட்டிக்கொண்ட ராணிப்பேட்டைக்குத்தான் பிடிமானம் இல்லை. அதன் இரண்டு ஓரங்களும் செங்குத்துக் கோட்டிலும் இல்லை, கிடைக்கோட்டிலும் இல்லை. அதற்கும் திருப்பத்தூருக்கும் உள்ள வித்தியாசம் 9 பாகைதான். எண் எழுதாத படத்தில் இரண்டும் சமம் என்றே பலர் சொல்லிவிடுவார்கள். படத்தைச் சாய்த்து முப்பரிமாணமாக வரைந்தால் இன்னும் மோசம். முன்பக்கம் இருக்கும் துண்டு, அது எதுவானாலும், பெரிதாகத் தெரியும்.

சரி, சொற்களுக்கு வருவோம். ஒரு சதவீதத்தைப் பின்னமாகச் சொல்ல வேண்டுமானால், முதலில் பக்கத்தில் இருக்கும் எளிய பின்னத்தைத் தேட வேண்டும். பிறகு அது எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 41-க்குப் பக்கத்தில் 40 இருக்கிறது, அது ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு சதவீதம்தான் கூடுதல் என்பதால் ‘சுமார் ஐந்தில் இரண்டு பங்கு’ என்றால் போதும். 28-க்குப் பக்கத்தில் கால் இருக்கிறது. ஆனால் இங்கே இடைவெளி மூன்று சதவீதம், கிட்டத்தட்ட ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் பேர். ஆகவே வெறும் ‘சுமார் கால் பங்கு’ என்பதைவிட ‘கால் பங்குக்குச் சற்று அதிகம்’ என்று எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. 31-ஐ ‘ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்றில் ஒன்று என்பது 33.3%, ராணிப்பேட்டை அதற்குக் கீழேதான் இருக்கிறது. ‘மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு’ அல்லது ‘பத்தில் மூன்று பேர்’ என்றால் சந்தேகம் வராது. ‘சுமார் 41.01 சதவீதம்’ என்று எழுதுவதும் வேண்டாம். இரண்டு தசம இடம் வரை கொடுத்துவிட்டால் அங்கே சுமாருக்கு வேலை இல்லை.

‘பெரும்பான்மை’ என்ற சொல்லில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். மூன்று துண்டுகளில் வேலூர்தான் பெரியது. அதனால் ‘பெரும்பான்மையினர் வேலூரில் இருக்கிறார்கள்’ என்று எழுதினால் தவறு. பெரும்பான்மைக்குப் பாதியைத் தாண்ட வேண்டும். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சேர்ந்தால் 59% வருகிறதே, பெரும்பான்மை அங்கேதான் இருக்கிறது. வேலூரை ‘மூன்றில் அதிக மக்கள்தொகை கொண்டது’ என்றுதான் சொல்லலாம். இதன் மறுபக்கமும் உண்டு. அதே 2011 கணக்கில் பழைய மாவட்டத்தில் கிராமப்புறத்தில் இருந்தவர்கள் சுமார் 57%. ‘பெரும்பாலோர் கிராமத்தில்’ என்பது கணக்குப்படி சரிதான். ஆனால் படிப்பவர் மனதில் முக்காலே மூணு வீசம் பேர் கிராமம் என்ற படம் விழுந்துவிடும். முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து, கிட்டத்தட்ட 94%. 57-க்கு ‘பாதிக்குச் சற்று மேல்’ என்பதே பொருத்தம்.

அப்புறம் ஒப்பிடும் இடம். வேலூர் 41, ராணிப்பேட்டை 31, எனவே வேலூரில் 10% அதிகம் என்று எழுதத் தோன்றும். எண்ணிப் பாருங்கள்: வேலூரில் கூடுதலாக இருப்பவர்கள் 4,03,965 பேர். ராணிப்பேட்டையின் 12 லட்சத்தை அடிப்படையாக வைத்தால் இது 33%, அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகம். வேலூரின் 16 லட்சத்தை அடிப்படையாக வைத்தால் இதே நான்கு லட்சம் 25%தான், ராணிப்பேட்டையில் கால் பங்கு குறைவு என்று ஆகிறது. இரண்டுமே உண்மை. பத்து என்ற எண்ணும் உண்மைதான், ஆனால் அது பழைய மாவட்டம் முழுவதையும் 100 என்று வைத்த கணக்கு. அதனால் அதைப் ‘பத்து சதவீதப் புள்ளிகள்’ என்று சொல்ல வேண்டும். எது முழுமை என்று சொல்லாமல் விட்ட சதவீதத்தை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

கூட்டிப் பார்க்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். முழு எண்களில் 41, 31, 28 சரியாக 100 வருகிறது. இன்னும் துல்லியமாக இருக்கட்டும் என்று ஒரு தசம இடம் சேர்த்தால் 41.0, 30.7, 28.2 என்று ஆகி, கூட்டல் 99.9-இல் நிற்கும். கணக்கில் பிழை இல்லை. ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் தோராயமாக்கும்போது வெட்டுப்பட்ட சின்னச் சின்ன மிச்சங்கள் சேர்ந்து காணாமல் போனதுதான் அந்த 0.1. அதை ஒரு துண்டில் ரகசியமாக ஏற்றிவிடாமல், ‘தோராயமாக்கியதால் கூட்டல் 100 வராது’ என்று படத்தின் கீழே எழுதிவிட வேண்டும். கூட்டல் 97 என்றோ 104 என்றோ வந்தால் மட்டும் தோராயத்தைக் குறை சொல்ல முடியாது. ஏதோ ஒரு பிரிவு விடுபட்டிருக்கும், அல்லது இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும்.

இந்தப் படத்துக்கு நான் எழுதும் விளக்கம் இவ்வளவுதான்: “2011 கணக்குப்படி, பழைய வேலூர் மாவட்ட மக்களில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கினர் (41%) இன்றைய வேலூர் மாவட்டப் பகுதியில் வாழ்ந்தார்கள். மூன்றில் இதுவே பெரியது, ஆனால் பாதியைத் தொடவில்லை. ராணிப்பேட்டையின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு (31%), திருப்பத்தூரின் பங்கு காலுக்குச் சற்று அதிகம் (28%). இவ்விரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மட்டுமே.”