360 குறைந்ததற்கு 1,000 அபராதம்: வங்கிக்கு எழுதிய ஒரு கடிதம்

வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் இருந்தேன். அபராதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வரும் கடிதங்கள் என் மேஜைக்குத்தான் வரும். இப்போது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கு அதே கடிதத்தை எழுதிக் கொடுக்கிறேன். தவறு வங்கியுடையதாக இருந்தால் எழுதுவது சுலபம். தவறு நம்முடையதாக, அதுவும் எந்த உள்நோக்கமும் இல்லாத தவறாக இருக்கும்போதுதான் பலரும் சொதப்புகிறார்கள். சமீபத்தில் என்னிடம் வந்த ஒருவரின் கணக்கை அப்படியே சொல்கிறேன். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான், அதனால் எண்களை மட்டும் எழுதுகிறேன்.

அவருடைய மாதத் தவணை 12,840. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் 3ஆம் தேதி, இரண்டு நாள் முன்னதாகவே, செல்போனில் தொகையைத் தட்டி அனுப்பிவிட்டார். தட்டியது 12,480. எட்டும் நாலும் இடம் மாறிவிட்டன. 360 குறைவு. கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: வித்தியாசம் 9ஆல் மீதமின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார். 360ஐ 9ஆல் வகுத்தால் 40. இது நிரூபணம் ஆகாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டிவிடும்.

6ஆம் தேதி 500 அபராதம் விழுந்தது. அதற்கு வந்த குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அவர் திறக்கவேயில்லை. ஏப்ரல் 4ஆம் தேதி சரியாக 12,840 கட்டினார். விவகாரம் சூடு பிடித்தது இங்கேதான். கட்டிய பணத்தை எதற்கு முதலில் வரவு வைப்பது என்ற வரிசை கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். இவருடைய ஒப்பந்தப்படி பழைய பாக்கிக்கும் கட்டணத்துக்கும் போன பிறகுதான் புதுத் தவணைக்கு. 360ம் 500ம் சேர்ந்து 860 போக, ஏப்ரல் தவணைக்கு மிஞ்சியது 11,980. ஆக, முழுத் தொகை கட்டிய மாதத்திலும் 860 குறைவு, இன்னொரு 500 அபராதம். வட்டிச் சில்லறையை விட்டுவிட்டால் ஏப்ரல் 6ஆம் தேதி அவர் தர வேண்டியது 1,360. இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு மாதமும் சரியாகக் கட்டிக்கொண்டே, ஒவ்வொரு மாதமும் அபராதமும் வாங்கியிருப்பார்.

ஏப்ரல் 18ஆம் தேதி ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்து அதிர்ந்துபோய் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். "உங்கள் செயலி தொகையைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது யார் குற்றம்?" என்று ஆரம்பித்து, பத்து வருட உறவு, மனைவியின் உடல்நிலை, கணக்கை மூடிவிடுவேன் என்ற எச்சரிக்கை என்று இரண்டு பக்கம். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கடிதத்தில் கோரிக்கைதான் இல்லை. எவ்வளவு, எந்தத் தேதிக் கட்டணம், என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. செயலியைக் குற்றம் சொன்ன மறுகணம் அந்தக் கடிதம் 'புகார்' ஆகிவிடும். கடன் பிரிவு அதிகாரி முடிவெடுக்க வேண்டியதைப் புகார் பிரிவு எடுத்துக்கொண்டு, செயலியில் கோளாறு இருந்ததா என்று பார்க்கும். கோளாறு இருக்காது. "எங்கள் தரப்பில் பிழை இல்லை" என்று பதில் எழுதிக் கோப்பை மூடிவிடும். வங்கி தவறாகக் கட்டணம் போட்டிருந்தால் உரிமையோடு புகார் எழுதுங்கள். தவறு நம்முடையது என்றால் அது வேண்டுகோள். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் இரண்டும் கெடும்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யச் சொன்னேன்: 1,360ஐயும் முதலில் கட்டிவிடுங்கள். முகம் சுளித்தார். "கட்டிவிட்டால் அப்புறம் எதற்குத் திருப்பித் தருவார்கள்?" எல்லோரும் கேட்பதுதான். ஆனால் வெறும் 360 மட்டும் கட்டினால் அதே வரிசைப்படி அது பழைய பாக்கிக்கோ கட்டணத்துக்கோதான் போகும். மீதி 1,000 நிலுவையாகவே நிற்கும், மே மாதம் மூன்றாவது அபராதம் வரும். அதோடு, மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், பாக்கி நிற்கும் கணக்கில் சலுகை கொடுக்க எந்த அதிகாரியும் தயங்குவார். பாக்கி இல்லாத கணக்கில் கட்டணத்தைத் திருப்பி வரவு வைப்பது ஒரே ஒரு பதிவு. அவ்வளவுதான் வேலை.

அந்த அதிகாரி என்ன பார்ப்பார் என்றும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் படிக்க மாட்டார். கணக்கைத் திறந்து கடந்த ஒரு வருடத் தவணைகளைப் பார்ப்பார், ஏற்கெனவே தள்ளுபடி கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பார். அவர் சொந்தப் பொறுப்பில் தள்ளுபடி செய்ய ஒரு உச்சவரம்பு இருக்கும். அதற்குள் இருந்தால், 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதி முடித்துவிடுவார். பின்னால் தணிக்கையில் யாராவது கேட்டால் அந்த ஒரு வரிதான் அவரைக் காப்பாற்ற வேண்டும். நம் கடிதத்தின் வேலையே அந்த வரியை அவர் கையில் கொடுப்பதுதான்.

இவர் விஷயத்தில் அந்த வரி என்ன? வருடத்துக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 360க்கு ஒரு மாத வட்டி 3.60. பணம் தாமதமானதற்கான விலை அதுதான், அதை அவர் தரத் தயார். அபராதம் அதற்கு மேலே போடப்படுவது. தவணையைத் தள்ளிப்போடும் பழக்கம் வராமல் தடுக்கத்தான் அது இருக்கிறது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் நூற்றுக்கு 97 பங்கு கட்டியவரிடம் தடுக்க அப்படி ஒரு பழக்கம் இல்லை. வட்டியையும் அபராதத்தையும் இப்படிப் பிரித்து, "வட்டியைக் கேட்கவில்லை, அபராதத்தை மட்டும் கேட்கிறேன்" என்று சொன்னால், எல்லாவற்றையும் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்பவரிடமிருந்து நீங்கள் வேறுபட்டு நிற்பீர்கள்.

கடைசியில் போன கடிதம் இது:

"பொருள்: கடன் கணக்கு எண் ........ – மார்ச் 6, ஏப்ரல் 6 தேதிகளில் விதித்த அபராதக் கட்டணம் 500 + 500ஐத் திருப்பி வரவு வைக்க வேண்டுகோள்.

ஐயா / அம்மா,

மார்ச் மாதத் தவணை 12,840ஐ 3ஆம் தேதியே செலுத்தினேன். தொகையைத் தட்டும்போது இலக்கங்கள் இடம் மாறி 12,480 என்று பதிவாகிவிட்டது. தவறு என்னுடையது. தங்கள் குறுஞ்செய்தியையும் நான் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 4ஆம் தேதி முழுத் தவணை செலுத்தினேன். அதில் 860 முந்தைய குறைதொகைக்கும் கட்டணத்துக்கும் சென்றதால் ஏப்ரல் தவணை குறைந்து, இரண்டாவது கட்டணம் விதிக்கப்பட்டது. இரண்டு கட்டணங்களுக்கும் மூலம் அந்த ஒரே தட்டச்சுப் பிழைதான்.

விவரம் தெரிந்த அன்றே, ஏப்ரல் 18ஆம் தேதி, மொத்த நிலுவை 1,360ஐச் செலுத்திவிட்டேன். கணக்கை நிலுவையின்றி வைத்துக்கொண்டு இந்த வேண்டுகோளைத் தங்கள் முன் வைக்கவே இவ்வாறு செலுத்தினேன்.

குறைதொகைக்கான வட்டி நியாயமானது. அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பணம் இல்லாமலோ தாமதிக்கும் எண்ணத்திலோ நேர்ந்தது அல்ல என்பதைக் கெடுவுக்கு முன் செலுத்திய ரசீதே காட்டும். கடந்த 12 மாதங்களில் வேறு தாமதம் இல்லை. இனி தொகையைக் கையால் தட்ட வேண்டியிராதபடி, மே முதல் தவணை தானாகப் பிடித்தம் ஆக ஏற்பாடு செய்துள்ளேன்.

ஆகவே, இரு கட்டணங்களையும், அவற்றின் மேல் வரி ஏதும் பிடித்திருந்தால் அதையும் திருப்பி வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் குறைதொகை கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.

இணைப்பு: மார்ச் 3, ஏப்ரல் 18 ரசீதுகள்."

"தவறு என்னுடையது" என்ற வரியை எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். அது இல்லாவிட்டால், யார் தவறு என்று அதிகாரி தேட ஆரம்பிப்பார், கடிதம் மறுபடி புகார் பிரிவுக்குப் போகும். "கடந்த 12 மாதங்களில் வேறு தாமதம் இல்லை" என்பதை ஸ்டேட்மெண்ட்டை எடுத்து மாதம் மாதமாகச் சரிபார்த்த பிறகே சேர்த்தோம். இப்படி ஒரு வரி பொய்யானால் திரையில் பத்து விநாடியில் தெரிந்துவிடும், அப்புறம் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் கணக்கில் ஒரு தாமதம் இருந்தால் "ஒரு முறை தவிர" என்றே எழுதுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. "இனி இப்படி நடக்காது" என்ற வாக்குறுதியை எல்லோரும் எழுதுகிறார்கள், அதற்கு மதிப்பில்லை. தானாகப் பிடித்தம் ஏற்பாடு செய்தது கணக்கிலேயே தெரியும்.

மனைவியின் உடல்நிலையை நான்தான் எடுக்கச் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் இந்தத் தவறுக்குக் காரணம் அது இல்லை. மருத்துவமனையில் இருந்ததால் கட்ட முடியவில்லை என்றால் அதுதான் காரணம், தேதியோடு எழுத வேண்டும். சம்பந்தமில்லாத துயரம் உள்ளே வந்தால், சொல்லும் காரணத்தின் மேலேயே சந்தேகம் விழும்.

நேரமும் முக்கியம். தெரிந்த அதே வாரத்தில், அடுத்த ஸ்டேட்மெண்ட் வருவதற்குள் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் கடிதத்துக்கு, "இவ்வளவு நாள் ஏன் பேசாமல் இருந்தார்?" என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முழுவதும் கிடைக்கும் என்று யாருக்கும் நான் உத்தரவாதம் கொடுப்பதில்லை. இது சலுகை, மறுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் ஒரு முறை மட்டும் அடுத்த நிலை அதிகாரிக்கு அனுப்பலாம். இவரைப் போல இரண்டு கட்டணம் இருந்தால், இரண்டாவதை மட்டுமாவது கேட்கலாம். முதலாவதற்கு நாமே காரணம் என்றாலும், இரண்டாவது முழுத் தொகை கட்டிய மாதத்தில் விழுந்தது என்ற வாதம் வலுவானது.

இவருக்கு முதலில் இரண்டாவது 500 திரும்பி வந்தது. நாலு நாள் கழித்து முதல் 500. ஆனால் பணம் வந்தது சேமிப்புக் கணக்குக்கு இல்லை, கடன் கணக்குக்கு. அங்கே 1,000 உபரியாக நின்றது. மே தவணையில் அதைக் கழித்துக்கொண்டு 11,840 கட்டலாமா என்று கேட்டார். வங்கியில் கேட்காமல் அப்படிச் செய்யாதீர்கள், மறுபடி 'குறைதொகை' என்று விழும் என்றேன். கிளைக்குப் போன் செய்தார். உபரியைத் தவணையில் கழிக்க வேண்டுமானால் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"இன்னொரு கடிதமா?" என்று சிரித்துவிட்டு, அதை அசலில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.