பூனைக்குட்டியின் பால் பல் எங்கே போகிறது?

வீட்டைப் பெருக்கும்போது வெள்ளையாய், சில மில்லிமீட்டர் நீளத்தில், வேரே இல்லாத ஒரு பல் கிடைத்தால் பயப்பட வேண்டாம். உங்கள் பூனைக்குட்டிக்கு நான்கு மாதம் ஆகியிருக்கும். பல் உடையவில்லை, வேர் கரைந்து விழுந்திருக்கிறது.

பூனைக்குப் பால் பற்கள் 26. பிறந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்குகின்றன. மூன்றரை மாதம் தாண்டியதும் ஈறுக்குள் நிரந்தரப் பல் மேலே ஏறி வருகிறது. அது நெருங்கும் இடத்தில் ஒடான்டோகிளாஸ்ட் என்ற செல்கள் கூடி, பால் பல்லின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. பிடிமானம் போன பல் ஆடி, ஏதாவது ஒரு கடியில் கழன்றுவிடும். பெரும்பாலான குட்டிகள் அதை விழுங்கிவிடும், அதனால் கெடுதல் இல்லை. முதலில் முன்பற்கள், அப்புறம் கோரைப்பற்கள் என மாறி, ஆறு, ஏழு மாதத்துக்குள் 30 பற்களும் வந்துவிடும்.

இந்த மாற்றத்தில் கவனித்துப் பார்க்க வேண்டியது கோரைப்பல். கோட்டாறில் எங்கள் எதிர்வீட்டு அக்கா ஐந்து மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஒரே இடத்துல ரெண்டு பல்லு நிக்குது, பிடுங்கணுமா?” என்று கேட்டார். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தோம். பின்னால் மெல்லிய பால் பல், அதற்கு முன்னால் ஒட்டியபடி பருமனான புதுப்பல். மேல்தாடையில் புதுக் கோரை, பழையதற்கு முன்புறமாகத்தான் முளைக்கும். அதனால் சில நாள் இரண்டும் சேர்ந்து நிற்பது இயல்புதான். விரலால் தொட்டபோது பழைய பல் ஆடியது. விட்டுவிடச் சொன்னேன். அடுத்த வாரம் அது விழுந்துவிட்டது. புதுப்பல் முழு நீளம் வளர்ந்த பிறகும் பழையது அசையாமல் நின்றால் கதை வேறு. இடுக்கில் உணவு சிக்கி ஈறு வீங்கும், புதுப்பல் இடம் தவறி வளரும். அப்போது கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும். வீட்டில் இடுக்கியால் இழுத்தால் வேர் உள்ளேயே முறிந்து நிற்கும்.

இந்த நாட்களில் ஈறு சிவந்து, வாய் லேசாக நாறும், எச்சில் வடியும். கிடைத்ததையெல்லாம் கடிக்கும். அதைத் தடுக்க வேண்டாம், கடிக்க நல்லதாகக் கொடுப்போம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பொருளில் பள்ளம் விழ வேண்டும். அதற்கு மேல் கடினமானது ஆகாது. புதிதாக வந்த பல்லின் சுவர் மெல்லியது, உள்ளே ரத்த நாளமும் நரம்பும் உள்ள கூழ் அகலமாக இருக்கும். எலும்பையோ கெட்டி பிளாஸ்டிக்கையோ கடித்து அது உடைந்தால் கூழ் வெளியே தெரிந்து சீழ் பிடிக்கும். மென்மையான ரப்பர் பொம்மை நல்லது, முழுதாக வாய்க்குள் போகாத அளவில் இருக்கட்டும். ஓரம் மடித்துத் தைத்த தடித்த பருத்தித் துணியை நனைத்து, ஃப்ரிட்ஜில் அரைமணி நேரம் வைத்தும் கொடுக்கலாம். உறைந்து கல்லாகக் கூடாது. துணியின் ஒரு நுனியை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், கடித்து முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். சாளை மீனின் தலையைப் போடும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. வெந்த முள் தொண்டையில் குத்தும், எனவே முள்ளெடுத்த சதை மட்டும் போதும்.

உயிருக்கே ஆபத்தானது நூல்தான். தோவாளைப் பூ வரும் வீட்டில் பூக்கட்டும் நூலுக்குப் பஞ்சமில்லை. கடற்கரை ஊர்களில் வலைக்கயிறும் தூண்டில் நரம்பும் எங்கும் கிடக்கும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்ப அதற்குக் கடினம். ஒரு நுனி நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ள, மறுநுனி குடலுக்குள் போகும். குடல் அசைய அசைய, நாடாவை இழுத்த பாவாடை போல மடிந்து சுருங்கி, நூல் உரசும் இடத்தில் கிழியவும் கூடும். மீண்டும் மீண்டும் வாந்தி, சோர்வு, சாப்பிடாமை இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. பூக்கூடையில் இருக்கும் அரளியும் விஷம், அது எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நமக்குப் பல்வலி என்றால் கிராம்பு எண்ணெய் தடவுவோம், பாரசிட்டமால் போடுவோம். நம் கன்னியாகுமரி மலைக் கிராம்பு பேர்போனதுதான், ஆனாலும் குட்டியின் ஈறில் அதன் எண்ணெயைத் தடவாதீர்கள். இரண்டிலும் உள்ள வேதிப்பொருட்களை மாற்றி வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. பாரசிட்டமால் ரத்தத்தைப் பிராணவாயுவைச் சுமக்க முடியாததாக்கும். ஒரு மாத்திரையே குட்டியைக் கொன்றுவிடும். இந்தச் சில வாரம் ஊறவைத்த மென்மையான உணவு கொடுத்தால் போதும். ஒரு நாள் முழுக்க எதுவுமே தின்னவில்லை என்றால், அதைப் பல் முளைக்கும் வலி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.