மழைப் படத்தில் குடை சேர்க்கும்போது தரையில் நிழல் போடாதீர்கள்

மழையில் நிற்பவர் தலைக்கு மேல் குடை வைத்துத் தரச் சொல்லி எங்கள் ஸ்டுடியோவுக்கு ஆனி, ஆடியில் ஆட்கள் வருவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிக்குச் சாரல் வருகிற மாதங்கள் அவை. வேறு எங்கோ செய்து, பிடிக்காமல் எங்களிடம் கொண்டுவரும் படங்களில் பெரும்பாலும் ஒரே தவறுதான் இருக்கும்: காலடியில் வட்டமாக ஒரு கருப்பு நிழல். "நிழலெல்லாம் போட்டிருக்காங்க, ஆனாலும் ஒட்டுன மாதிரியே இருக்குதுங்க" என்பார்கள். அந்த நிழல்தான் காரணம்.

மேகம் மூடிய நாளில் வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வராது, வானம் முழுவதிலிருந்தும் வரும். குடை மேலேயிருந்து வருவதை மட்டும் மறைக்கும். பக்கங்களிலிருந்து வருவது உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். அதனால் தலையும் தோளும் மங்கும், இடுப்புக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் மாறாது. செருப்பை ஒட்டி ஏற்கெனவே உள்ள மெல்லிய கருமையே தரைக்குப் போதும். இரவில் தெருவிளக்கோ வண்டி வெளிச்சமோ அடிக்கும் படம் என்றால் கணக்கு வேறு. அங்கே விளக்குக்கு எதிர்ப்பக்கம் நிழல் நீளத்தான் வேண்டும்.

சமீபத்தில் ஒரு தம்பி மார்க்கெட் தெருவில் போனில் எடுத்த படத்தோடு வந்தார். "அண்ணா, அப்பாரு தலைக்கு மேல ஒரு குடை மட்டும் வெச்சுக் குடுங்க, போதும்" என்றார். எதற்கு என்று முதலில் கேட்டேன். பத்திரிகைக்கோ இழப்பீட்டு மனுவுக்கோ போகும் படத்தில் நான் எதையும் சேர்ப்பதில்லை. வீட்டில் மாட்டத்தான் என்றார், சரி.

பெரியவரின் வலது கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கும் கையில் குடைக்கம்பைச் செருகினால் யாரும் நம்பமாட்டார்கள். முழங்கை மடங்க வேண்டும், மூடிய கை நெஞ்சளவுக்கு வர வேண்டும். "அப்பாரையும் அவரு குடையையும் கூட்டிட்டு வாங்க தம்பி" என்றேன். இன்னொருவர் கையை ஒட்டினால் தோலும் நரம்பும் காட்டிக்கொடுத்துவிடும். மேகமூட்டமான காலையில் ஸ்டுடியோ வாசலில், பழைய படம் எடுத்த அதே உயரத்தில் கேமராவை வைத்து, அதே சட்டையில் எடுத்தோம். உயரம் முக்கியம். கேமராவை விட உயரத்தில் விரிந்த குடையின் அடிப்பக்கமும் கம்பிகளும் தெரிய வேண்டும். தரையில் விரித்து மேலிருந்து எடுத்த குடை ஒருநாளும் பொருந்தாது.

கையைச் சட்டைக்கை முடிகிற இடத்தில் இணைத்தேன். துணியின் மடிப்பு இணைப்பை மறைத்துவிடும். பிடியை மூன்று அடுக்காகப் பார்க்க வேண்டும்: அடியில் உள்ளங்கை, நடுவில் கம்பு, மேலே விரல்கள். விரல் கம்பைத் தொடும் ஓரத்தில் மயிரிழை அளவு கருமை வேண்டும். அது இல்லாவிட்டால் கை கம்பைப் பிடித்திருக்காது, பக்கத்தில் மிதக்கும். வளைந்த கைப்பிடி சுண்டுவிரலுக்குக் கீழே எட்டிப்பார்க்க வேண்டும். அப்புறம் கம்பின் மேல் கோடு பிடித்துப் பாருங்கள். அந்தக் கோடு குடையின் நடு உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். குடையைத் தனியாகச் சாய்த்து, கையைத் தனியாக வைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

முகத்துக்கு வந்தால், கருமை பூசுவதற்கு முன் பளபளப்பைக் குறைக்க வேண்டும். குடை இல்லாதபோது நெற்றியும் மூக்கு நுனியும் வானத்தைப் பிடித்து மின்னும், கண்குழி இருண்டிருக்கும். குடை வந்ததும் இந்த வித்தியாசம் சுருங்கும். அந்த மினுக்கை அடக்கிவிட்டு, Curves அடுக்கு ஒன்றைக் கொஞ்சம் இறக்கி, பெரிய மென்மையான பிரஷ்ஷால் உச்சியிலிருந்து மார்பு வரை தேய்ந்து போகும்படி மாஸ்க் வரைந்தேன். கருப்புக் குடை என்பதால் வேலை எளிது. சிவப்பு நைலான் குடையாக இருந்தால் தலையிலும் தோளிலும் லேசான செம்மையும் சேர்க்க வேண்டும்.

மழைக்கோடுகளை ஒட்டுமொத்தமாக அழித்துவிடாதீர்கள். குடைக்கு அடியில் மட்டும்தான் மழை இல்லை. கேமராவுக்கும் பெரியவருக்கும் நடுவில் பெய்வது குடைத் துணியின் மேலேயும் கோடாகத் தெரிய வேண்டும், ஆகவே அதை எல்லாவற்றுக்கும் மேல் அடுக்காகத் திரும்ப வைத்தேன். ஈரத் தார் ரோட்டில் பிம்பமும் உண்டு. காலிலிருந்து குடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு கீழே அது தலைகீழாக விழும். இந்தப் படம் செருப்புக்குச் சற்றுக் கீழேயே முடிந்ததால் குடையின் பிம்பத்துக்கு இடமே இல்லை. கையின் பிம்பமும் அப்படியே வெளியே போய்விட்டது.

தீர்க்க முடியாத ஒன்று ஈரம். பெரியவரின் தோளில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அதைக் காய்ந்த துணியாக மாற்றினால் மடிப்புகள் பொய்யாகிவிடும். நனைந்த பிறகு குடையை விரித்தவர் போலத்தான் தெரியும் என்று தம்பியிடம் முன்பே சொன்னேன். "அப்பாரு எப்பவும் அப்படித்தானுங்க, நனைஞ்சப்புறந்தான் குடைய விரிப்பாரு" என்றார். ஈரத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.